பூவா, முட்டையா? ஒரு நேபாளிச் செய்தியும் சில கேள்விகளும்

பொக்ராவில் தங்கிப் படிக்கும் மாணவி: வீட்டுக்கார அக்காவுக்கு நேபாளியில் இப்படி எழுதினேன்: "தீதீ, திமி சஞ்சை ஹுனுஹுன்ச? ம போலீ ஆஉஞ்சு. ஃபுல் ல்யாஉஞ்சு. தபாயீ பஸ." நலமா, நாளை வருகிறேன், பூ கொண்டுவருகிறேன், இருங்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன். அவர் மகன் "எத்தனை முட்டை?" என்று கேட்டுச் சிரிக்கிறான்.

பையன் கேட்டது சரிதான். ஃபூல் என்றால் பூ, ஃபுல் என்றால் முட்டை. நாட்டுச் சொற்களில் நடுவில் குறில்தான் வரும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் இந்தச் சொல் விலக்கு. 'தீதீ' இந்தி எழுத்து. நேபாளியில் திதீ, முதலில் குறில். போலி குறிலில் முடியும், திமீ நெடிலில் முடியும்.

இதையெல்லாம் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். உறுத்துவது வேறு. நம் 'நீர்' போன்ற திமீயில் தொடங்கிவிட்டு, வினையை 'நீங்கள்' போன்ற தபாயீக்கு உரியதாகப் போட்டீர்கள். கடைசியில் தபாயீ என்று சொல்லி, திமீக்கு உரிய 'பஸ' போட்டீர்கள். தமிழில் "நீர் நலமாக இருக்கிறீர்களா? நீங்கள் உட்காரும்" என்று எழுதினால் எப்படி இருக்கும், அப்படி. திமீக்கும் கீழே நம் 'நீ' போல 'தங்' என்று ஒன்று உண்டு, அதன் ஏவல் 'பஸ்'. கடைசி உயிரோசை ஒன்றுதான் வித்தியாசம். எழுத்தில் ஒரு சின்னக் கீழ்க்கோடு. அதைப் போடாமல் விட்டதால் நீங்கள் ஒரு படி மேலேயாவது நின்றீர்கள்!

திருத்தினால்: "திதீ, தபாயீ சஞ்சை ஹுனுஹுன்ச? ம போலி ஆஉஞ்சு. ஃபூல் ல்யாஉஞ்சு. பஸ்னுஹோஸ்."

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: குறில் நெடில் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. காதால் கேட்டு எழுதினால் போதுமே, ஐயா?

அங்கேதான் நம் காது ஏமாறும். இன்றைய நேபாளிப் பேச்சில் இகரமும் ஈகாரமும் ஒரே ஓசை, உகரமும் ஊகாரமும் அப்படியே. பூவையும் முட்டையையும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். வேறுபாடு எழுத்தில் மட்டும் இருப்பதால் அவர்களும் பள்ளியில் மனப்பாடம்தான் செய்கிறார்கள்.

பிடித்துக்கொள்ளச் சில கொம்புகள் உண்டு. பெண் உறவுச் சொற்கள் நெடிலில் முடியும்: திதீ, பஹினீ, ஸாஸூ. அண்ணனும் தம்பியும் குறில்: தாஇ, பாஇ. திமீ, ஹாமீ, உனீ போன்ற மூவிடப் பெயர்கள் நெடில். சமஸ்கிருதச் சொற்களுக்குச் சமஸ்கிருத எழுத்தே. வினையிலும் ஓரிடத்தில் பொருள் மாறும்: ஹுன் என்றால் இருக்கிறார்கள், ஹூன் என்றால் இருக்கட்டும். மற்றதற்கு அகராதிதான். 1983-இல் வந்த பெரிய அகராதிக்குப் பிறகும் எழுத்துமுறைச் சண்டை ஓயவில்லை. சில சொற்களில் ஆசிரியர்களே இரு கட்சி.

டெல்லியில் பத்து வருடம் இருந்தவர்: "ஆப் பைட்டோ" என்று டெல்லியில் எல்லோரும்தான் சொல்கிறார்கள். நேபாளியிலும் செல்லும், பயப்படாதீர்கள்.

டெல்லிப் பேச்சில் செல்லும், ஒத்துக்கொள்கிறேன். அந்த மாணவியின் 'தபாயீ பஸ' அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் ஊகம். நேபாளியில் தபாயீ வந்தால் வினையும் கூடவே ஏற வேண்டும். எதிரில் இல்லாதவருக்கும் இதே கணக்கு: வீட்டுக்காரரைப் பற்றி அவர் மனைவியிடம் "ஊ ஆயோ" என்றால் 'அவன் வந்தான்' ஆகிவிடும். "உஹாங் ஆஉனுபயோ" என்று சொல்லுங்கள்.

சென்னையில் ஹோட்டல் நடத்துபவர்: எங்கள் மாஸ்டர் நேபாளி. அவர் செய்திகளிலும் குறில் நெடில் தாறுமாறு என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். படிக்காதவர் என்று வைத்துக்கொள்ளலாமா? என்னை ஒரு நாள் தபாயீ என்கிறார், ஒரு நாள் திமீ என்கிறார்.

குறில் நெடிலை வைத்துப் படிப்பை அளக்காதீர்கள். பட்டதாரிகளும் தடுமாறுவார்கள், கைபேசியில் ஆங்கில எழுத்தில் தட்டினால் அது எதையாவது எடுத்துப் போடும். படி மாறுவதுதான் கவனிக்க வேண்டியது. நேபாளியே தாய்மொழி என்றால் அது கைதவறி மாறுவது அபூர்வம். கோபம், நெருக்கம் என்று ஏதோ ஒன்று இருக்கும். தாமாங், மகர் போன்ற வேறு தாய்மொழிக்காரர் என்றால் அவ்வளவு கறார் பார்க்காமலும் இருக்கலாம். அவர் ஊரையும் அந்த இரண்டு செய்திகளையும் பார்க்காமல் எந்தப் பக்கமும் சொல்ல மாட்டேன்.

மறுபடியும் பொக்ரா மாணவி: திருத்தி அனுப்பிவிட்டேன். ஆனால் அக்கா பதிலில் என்னைத் திமீ என்கிறார். கோபமா?

இல்லை அம்மா. மூத்தவர் இளையவரைத் திமீ என்பது அங்கே இயல்பு. நீங்கள் தபாயீயிலேயே இருங்கள். என்றைக்காவது அவர் திடீரென்று உங்களைத் தபாயீ என்று அழைத்தால், அப்போது வந்து கேளுங்கள்.