‘போகலையே’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

“பாட்டி பேசியதைப் பதிவு செய்து, தமிழ் தெரியாத என் அக்கா பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘நான் போகலையே’, ‘போயிருக்கலாம்’, ‘போயிருக்கக் கூடாதா’ என்று மாறி மாறிச் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் ‘ஐ விஷ்’ போட்டால் சரியா? ‘இஃப்’ வருகிற இடத்தில் எதிர்மறையும் சேர்ந்தால் இன்னும் குழம்புகிறது.”

மூன்றுக்கும் ஒரே சொல் போதாது. முதலில் ‘போகலையே’யை எடுத்துக்கொள்வோம். குழப்பத்தின் வேர் அதில்தான் இருக்கிறது.

பாட்டி போகவில்லை. நடந்ததை நடந்தபடியே ‘போகலை’ என்று சொல்லி, கடைசியில் ஓர் ஏகாரம் சேர்க்கிறார். வருத்தம் முழுவதும் அந்த ஏகாரத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு விகுதி கிடையாது. அது நடக்காத ஒன்றை நடந்ததுபோல வைத்து, அதை ஆசைப்படுகிறது: ‘ஐ விஷ் ஐ ஹேட் கான்’. தமிழில் எதிர்மறையாக இருந்த வினை அங்கே உடன்பாடாகிவிட்டது. மறுபக்கமும் இப்படித்தான். ‘மாட்டை வித்துட்டேனே’ என்பதில் எதிர்மறையே இல்லை. ஆங்கிலத்தில் ‘ஐ விஷ் ஐ ஹேடன்ட் சோல்ட் த கௌ’ என்று எதிர்மறை வந்தாக வேண்டும். ஆகவே ஏகாரத்தில் முடியும் வருத்தத்தை ‘ஐ விஷ்’ ஆக்கும்போது, தமிழில் ‘இல்லை’ இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ‘நாட்’ சேருங்கள். தமிழில் உள்ளபடியே ‘இல்லை’யை ‘நாட்’ ஆக்கினால், பாட்டி போனதற்காக வருந்துகிறார் என்று பிள்ளைகள் படிப்பார்கள்.

காலத்தையும் ஒரு படி பின்னால் தள்ள வேண்டும். முடிந்துபோன செயலுக்கு ‘ஹேட்’ என்று பார்த்தோம். இப்போதைய நிலைக்கு ஆங்கிலம் இறந்தகால வடிவத்தை எடுக்கும். ‘இதைப் பார்க்க உங்க தாத்தா இல்லையே’ என்றால் ‘ஐ விஷ் ஹீ வேர் ஹியர்’. நம்மில் பலர் இங்கே ‘இஸ்’ போட்டுவிடுகிறோம்.

எல்லா ஏகாரமும் வருத்தம் இல்லை என்பதையும் கவனியுங்கள். ‘அவர் வந்தாராமே’ என்று ஒருவர் கேட்க, ‘வரலையே’ என்று பாட்டி சொன்னால் அது வெறும் மறுப்பு. முன்னால் ‘ஐயோ’ சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் வருத்தம், ஒட்டாமல் நின்றால் ‘ஐ விஷ்’ வேண்டாம்.

அடுத்து ‘போயிருக்கலாம்’. இதற்கு இரண்டு பொருள் உண்டு. ‘அவன் மதுரைக்குப் போயிருக்கலாம்’ என்றால் ஒருவேளை போயிருப்பான் என்ற ஊகமாகவும் இருக்கலாம். போகிற வாய்ப்பு இருந்தும் போகவில்லையே என்ற குறையாகவும் இருக்கலாம். ‘ஒருவேளை’ சேர்த்தால் பொருந்துகிறதா, ‘தாராளமாக’ சேர்த்தால் பொருந்துகிறதா என்று பாருங்கள். முதலாவது ‘மே ஹேவ் கான்’, இரண்டாவது ‘குட் ஹேவ் கான்’. தான் போனோமா இல்லையா என்று யாரும் ஊகிப்பதில்லை என்பதால், பாட்டி தன்னைப் பற்றிச் சொல்லும்போது அநேகமாக இரண்டாவதுதான். இங்கே ‘ஐ விஷ்’ போட்டால் தப்பில்லை. ஆனால் ‘வழி இருந்தது, நான்தான் விட்டுவிட்டேன்’ என்ற தொனி போய்விடும். ‘போகலையே’யில் துக்கம் மட்டும் இருக்கிறது, ‘போயிருக்கலாம்’ என்னும்போது தன்மேல் ஒரு குற்றச்சாட்டும் சேர்கிறது. அதனால் நான் ‘குட் ஹேவ்’ என்றே எழுதுவேன்.

மூன்றாவதான ‘போயிருக்கக் கூடாதா’வில்தான் அதிகம் தடுக்கி விழுவோம். ‘சொல்லியிருக்கக் கூடாது’ என்றால் சொன்னது தவறு. அதோடு ஓர் ஆகாரம் சேர்ந்து ‘சொல்லியிருக்கக் கூடாதா’ என்றானால், சொல்லாமல் விட்டது தவறு. ஒரே ஓர் உயிரெழுத்து பொருளைத் தலைகீழாக்குகிறது. முன்னது ‘ஷுடன்ட் ஹேவ் டோல்ட்’. பின்னது பதில் எதிர்பார்க்காத கேள்வி: ‘வை குடன்ட் ஷீ ஹேவ் டோல்ட் மீ’ என்றோ, இன்னும் மென்மையாக ‘ஐ விஷ் ஷீ ஹேட் டோல்ட் மீ’ என்றோ எழுதலாம். இனி நடக்க வேண்டியதற்கும் இதே அச்சுதான். ‘கொஞ்சம் மழை பெய்யக் கூடாதா’ என்றால் ‘ஐ விஷ் இட் வுட் ரெய்ன்’.

இனி ‘இஃப்’. ‘வந்தால்’ என்பதில் இருப்பது இறந்தகால அடி என்றாலும் அது காலத்தைக் காட்டுவதில்லை. நடக்கக்கூடியதா, வெறும் கற்பனையா என்றும் சொல்வதில்லை. ‘நீ நாளைக்கு இங்கே இருந்தால்’, ‘நான் கலெக்டராக இருந்தால்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘இருந்தால்’தான். ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘ஆர்’, பின்னதற்கு ‘வேர்’. எதிர்மறையிலும் அப்படியே. ‘நாளைக்கு நீ வரலைன்னா நான் போக மாட்டேன்’ என்கிறோம். ‘அன்னைக்கு நீ வரலைன்னா நான் போயிருக்க மாட்டேன்’ என்றும் சொல்கிறோம். ‘வரலைன்னா’ மாறவே இல்லை. ஆங்கிலத்தில் முன்னது ‘டோன்ட் கம்’, பின்னது ‘ஹேடன்ட் கம்’. அதனால் ‘இஃப்’ பகுதியை முதலில் மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். வாக்கியத்தின் கடைசி வினைக்குப் போய், அங்கே ‘போயிருப்பேன்’, ‘போயிருக்க மாட்டேன்’ என்பதுபோல நடந்ததற்கு மாறாகச் சொல்வது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். எழுத்துத் தமிழில் ‘வராமல் இருந்திருந்தால்’ என்று தெளிவாக எழுத வழி இருக்கிறது. பேச்சில் பாட்டி அவ்வளவு நீளமாகச் சொல்லமாட்டார்.

‘வந்திருந்தால்’ என்ற வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் ஆபத்து. ‘அவன் வந்திருந்தால் செருப்பு வாசலில் கிடக்கும்’ என்பதில் அவன் வந்திருக்கவும் கூடும். அங்கே ‘இஃப் ஹீ ஹேஸ் கம்’ என்றுதான் வரவேண்டும். ‘கிடக்கும்’ என்ற கடைசி வினை அதைச் சொல்லிவிடுகிறது.

பாட்டியின் பேச்சு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘அன்னைக்கு நான் போகலையே. போயிருந்தா முகத்தையாவது பாத்திருப்பேன். அவங்களும் ஒரு ஆள் விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா. பேசாம நானே கிளம்பிப் போயிருக்கலாம்.’

முதல் வாக்கியம் ‘ஐ விஷ் ஐ ஹேட் கான் தட் டே’. இரண்டாவதில் ‘பாத்திருப்பேன்’ என்று முடிவதால் முகத்தைப் பார்க்கவில்லை என்பது உறுதி. அதனால் ‘இஃப் ஐ ஹேட் கான், ஐ வுட் அட் லீஸ்ட் ஹேவ் சீன் ஹெர் ஃபேஸ்’. மூன்றாவது ‘வை குடன்ட் தே ஹேவ் சென்ட் சம்ஒன் டு டெல் மீ’. நான்காவதில் உள்ள ‘பேசாம’வுக்கும் பேச்சுக்கும் தொடர்பே இல்லை. ‘யாரையும் எதிர்பார்க்காமல், வேறு யோசனை பண்ணாமல்’ என்று பொருள். அதனால் ‘ஐ குட் ஹேவ் ஜஸ்ட் கான் மைசெல்ஃப்’. அந்த ‘ஜஸ்ட்’தான் ‘பேசாம’. ஆனால் ‘அன்னைக்கு நான் பேசாம இருந்திருக்கலாம்’ என்று வேறோர் இடத்தில் வந்தால், அங்கே உண்மையிலேயே வாயை மூடிக்கொண்டிருப்பதைச் சொல்கிறார். அதற்கு ‘ஐ ஷுட் ஹேவ் கெப்ட் கொயட்’ பொருத்தம்.

பதிவில் ‘கூடாது’வா ‘கூடாதா’வா என்று சரியாகக் கேட்காத இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் கடைசி எழுத்து தேய்ந்து போகும். எழுதி முடிப்பதற்குள் அந்த இடங்களை மட்டும் பாட்டிக்குப் போட்டுக் காட்டி, ‘அவங்க சொன்னாங்களா, சொல்லலையா?’ என்று கேட்டுவிடுங்கள்.