‘பார்த்துட்டுச் சொல்றோம்’ எந்தப் பெட்டியில் போகும்? விளம்பர மடலுக்கு வரும் பதில்கள்: கேள்வி பதில்

சிவகாசியில் டைரியும் நாட்காட்டியும் அச்சிடும் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்கிறேன். ஆடிப்பெருக்கன்று மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் வந்ததும் கம்பெனிகளுக்கு மின்னஞ்சல் போகும். அதற்கு வரும் பதில்களை ஆர்வம், வேண்டாம், ஆள் மாறியது என்று மூன்றாகப் பிரிப்பது பல வருடமாக என் பொறுப்பு. நீங்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, வெறுமனே ‘கேட்டலாக் அனுப்புங்க’ன்னு மட்டும் வந்தா எதுல போடுறது? வாங்குவாரான்னு தெரியலையே.

வாங்குவாரா என்று யோசித்தால் எந்தப் பதிலையும் பிரிக்க முடியாது. அது அவர் மனதுக்குள் இருக்கிற விஷயம். இந்த மடலைப் படித்தபின் நம் பக்கம் அடுத்த வேலை என்ன என்று மட்டும் பாருங்கள். இன்றைக்கே ஒருவர் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும் என்றால் ஆர்வம். இந்த சீசனில் இனி மடல் போகக்கூடாது என்றால் வேண்டாம். வேறொரு முகவரியைத் தேட வேண்டும் என்றால் ஆள் மாறியது. கேட்டலாக் கேட்டவருக்கு அனுப்ப ஒன்று இருக்கிறது, அதனால் அது ஆர்வம்தான்.

இதுக்கு எதுக்கு ஆள்? ஷீட்ல interested-னு தேடினா வந்துடும். நான் அப்படித்தான் பண்றேன்.

பாதி சரி. நிறைய பதில்கள் ஒரே மாதிரிதான் வரும், அவற்றை ஃபார்முலா பிரிக்கட்டும். ஆனால் `not interested` என்பதற்குள்ளும் அந்தச் சொல் இருக்கிறது, அதனால் மறுப்பை முதலில் தேட வேண்டும். இன்னொரு சிக்கல், பதிலுக்குக் கீழே நம் பழைய மடலும் ஒட்டிக்கொண்டு வருவது. நாங்கள் ‘ஆர்வமிருந்தால் எழுதுங்கள்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வைத்திருந்தோம். வந்த பதில் எல்லாமே ஆர்வம் பெட்டியில் போய் விழுந்தது. நம் வார்த்தையை நாமே எண்ணிக்கொண்டிருந்தோம்! அதனால் கூகுள் ஷீட்ஸில், பதில் A பத்தியில் இருந்தால், முதலில் கீழே இருப்பதை இப்படி வெட்டுங்கள்:

```
=REGEXREPLACE(A2,"(?s)\nOn .*wrote:.*","")
```

அதை B பத்தியில் வைத்து, அப்புறம் பிரியுங்கள்:

```
=IF(REGEXMATCH(LOWER(B2),"not interested|unsubscribe|vendam|வேண்டாம்"),"வேண்டாம்",
 IF(REGEXMATCH(LOWER(B2),"interested|price|catalogue|விலை"),"ஆர்வம்","பார்"))
```

முதல் ஃபார்முலா, ஜிமெயிலின் ஆங்கில அமைப்பில் வருவது போல `On ... wrote:` என்ற வரியோடு வரும் பதிலுக்கு மட்டும்தான் வேலை செய்யும். அவுட்லுக்கில் வருவது வேறு மாதிரி இருக்கும். அதோடு, எழுதியவரே ஒரு வரியை `On Monday` என்று தொடங்கியிருந்தால் அங்கிருந்தே வெட்டிவிடும்.

இரண்டாவதில் ‘பார்’ என்று விழுவதை மனிதர்தான் படிக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று விழுந்ததையும் ஒருமுறை படித்துவிடுங்கள். எங்களுக்கு ஒரு பதில் வந்தது: “மட்டமான தாள் வேண்டாம், போன வருஷம் கொடுத்த மாதிரியே 250 அனுப்புங்க.” வேண்டாம் என்ற சொல் இருந்ததால் ஃபார்முலா அதை மறுப்பில் தள்ளியது. அது கையில் வந்த ஆர்டர்.

ஆள் மாறியதுன்னா mailer-daemon-னு திரும்பி வருமே, அதுதானே மேடம்?

இல்லை, அது போய்ச் சேராமல் திரும்பிய மடல். மனிதர் யாரும் பதில் எழுதவில்லை. அதையும் ‘விடுப்பில் இருக்கிறேன்’ என்று தானாக வருவதையும் பிரிக்கத் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். தானாக வரும் பதில்களில் பெரும்பாலும் மடலின் தலைப்பகுதியில் `Auto-Submitted: auto-replied` என்று இருக்கும். ஜிமெயிலில் `Show original` அழுத்தினால் தெரியும். ஆனால் எடுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள். ‘இவர் வேலையை விட்டுவிட்டார், இனி இன்னாருக்கு எழுதவும்’ என்று அதிலேயே இருந்தால், தானாக வந்தாலும் ஆள் மாறியதுதான்.

இந்தப் பெட்டியில்தான் நாங்கள் பெரிய தப்பு செய்தோம். ஒருவர் எழுதியிருந்தார்: “நான் இப்போது விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். டைரி வாங்குவது நிர்வாகப் பிரிவு, அவரை சிசியில் சேர்த்திருக்கிறேன். இந்த வருஷமும் 300 தேவைப்படும்.” ஆள் மாறியது என்று குறித்தேன். குறித்தது சரி. ஆனால் அந்தப் பெட்டியை வாரக்கடைசியில்தான் திறப்போம். அதற்குள் அவர்கள் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். மாறியது ஆள்தான், கம்பெனி இல்லை. அன்றிலிருந்து, சரியான ஆளின் பெயரோ முகவரியோ சொல்லி வரும் பதிலை ஆர்வத்தோடு சேர்த்து அன்றே பார்க்கிறோம். எதுவும் சொல்லாமல் ‘நான் இல்லை’ என்று மட்டும் வந்தால் வாரக்கடைசி வரை இருக்கலாம்.

கோயம்புத்தூர்ல கிரைண்டர் கடை வச்சிருக்கோம். ஒரே பதிலை நான் ஆர்வம்னு போடுறேன், என் தம்பி வேண்டாம்னு போடுறான். தினமும் சண்டை.

இரண்டு பேரும் ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் அதே 50 பதில்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். நானும் எங்கள் கணக்கரும் செய்தபோது 41 ஒத்துப்போனது, 9 ஒத்துப்போகவில்லை. அந்த 9-ல் 6 ஒரே வகை: ‘இந்த வருஷம் ஆச்சு, அடுத்த தடவை பார்க்கலாம்.’ எங்களுக்குள் கருத்து வேறுபாடு அந்த ஒரு வாக்கியத்தில்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. மாதமோ தேதியோ சொல்லியிருந்தால் ஆர்வம், பக்கத்தில் அந்தத் தேதியைக் குறிக்க வேண்டும். சொல்லாவிட்டால் இந்த சீசனுக்கு வேண்டாம். இதை ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். அடுத்த 50-ல் மூன்றுதான் மாறியது. உங்கள் சண்டையும் இரண்டு மூன்று வாக்கியங்களுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் ஃபார்முலா 100-க்கு 85 சரியா பிரிக்குது. போதுமா?

அந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். 100 பதிலில் 80 மறுப்பு, 12 ஆர்வம், 8 ஆள் மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதையும் படிக்காமல் எல்லாவற்றையும் வேண்டாம் என்று போட்டாலே 80 சரி! ஆர்வமான 12 பேரில் எத்தனை பேரைப் பிடித்தது என்று தனியாக எண்ணுங்கள். அதில் 5 பேர்தான் கிடைத்தார்கள் என்றால் 7 ஆர்டர் மறுப்புக்குள் கிடக்கிறது. ஒரு மறுப்பு தவறி ஆர்வத்தில் விழுந்தால் நமக்கு ஒரு நிமிடம்தான் வீண். அதனால் சந்தேகமானதை எல்லாம் ‘பார்’ பக்கம் தள்ளுங்கள்.

வேண்டாம்னு சொன்னவங்களுக்கு அடுத்த வருஷம் அனுப்பலாமா?

‘இந்த வருஷம் வேண்டாம்’ என்றவருக்கு அனுப்பலாம். ‘இனி அனுப்பாதீர்கள்’ என்றவருக்கு ஒருபோதும் கூடாது. இரண்டும் ஒரே பெட்டிதான், ஆனால் பின்னவரை உடனே பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஸ்பேம் என்று குறிக்கப்படும் அளவு 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து கடைப்பிடிக்கும் கணக்கு. 600 ஜிமெயில்காரர்களில் இரண்டு பேர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினாலே அதைத் தாண்டிவிடும். அப்புறம் ஆர்வமானவருக்கும் மடல் போய்ச் சேராமல் போகலாம்.

நான் இருபது வருஷமா விற்பனைல இருக்கேன்மா. நம்ம ஊர்ல ‘பார்த்துட்டுச் சொல்றோம்’னா இல்லைன்னு அர்த்தம். நேரா வேண்டாம்ல போடுங்க.

நேரில் சொன்னால் நீங்கள் சொல்வது சரி சார், முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்படுவார்கள். ஆனால் மடலில் பிடிக்காவிட்டால் பதிலே எழுதாமல் இருந்துவிடலாம். மெனக்கெட்டு எழுதுகிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போன சீசனில் அப்படி 23 பேர் எழுதினார்கள். பத்து நாள் கழித்து ஒரே ஒரு மடல் அனுப்பினோம், 4 பேர் வாங்கினார்கள். இது அதிகமா குறைவா என்று எங்கள் அச்சகத்திலேயே ஒத்த கருத்து இல்லை. இப்போதைக்கு ஆர்வத்தில்தான் போடுகிறேன், பக்கத்தில் பத்தாம் நாள் தேதியோடு.