பெரிய வேலைக்கு அட்வான்ஸும் தவணையும் பேசுவது எப்படி?

கேள்வி: நான் ஃப்ரீலான்ஸ் டெவலப்பர். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர் பேசியிருக்கிறேன். 2,40,000 ரூபாய், 12 வாரம். ‘முடிச்சுக் காட்டு, மொத்தமா தரேன்’ என்கிறார் முதலாளி. எப்படிக் கேட்பது?

பதில்: நானும் தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு இதே மாதிரி கடைகளுக்கு வேலை செய்கிறேன். அவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். சரக்கைக் கடனில் எடுத்து, விற்ற பிறகு பணம் கட்டிப் பழகியவர். உங்களையும் அப்படியே பார்க்கிறார்.

எத்தனை சதவீதம் கேட்கலாம் என்று யோசிப்பதற்கு முன், அவர் நடுவில் கைவிட்டால் செய்த வேலையில் எவ்வளவு நிலுவையில் நிற்கும் என்று பாருங்கள். பாதி முதலில், பாதி கடைசியில் என்றால் முடிக்கும் நாளில் 1,20,000 மாட்டிக்கொண்டிருக்கும். நான் இப்படிப் பிரிப்பேன்: தொடங்க 72,000, எல்லாத் திரைகளின் டிசைனும் ஓகே ஆனதும் 48,000, ஸ்டாக்கும் பில்லிங்கும் டெஸ்ட் சர்வரில் ஓடியதும் 72,000, கடை கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன் 48,000. டிசைன் வேலையின் மதிப்பு 48,000, மற்ற இரண்டு கட்டங்களும் தலா 96,000 என்று வைத்துக்கொண்டால், எந்தக் கட்டத்திலும் நிலுவை 48,000-ஐத் தாண்டாது.

தவணையை ‘திருப்தி ஆனதும்’ என்று எழுதவே எழுதாதீர்கள். இருவரும் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்: ‘அவர் தரும் 20 பழைய பில்களைப் போட்டுப் பார்த்தால் தொகையும் ஜிஎஸ்டியும் ஒத்துப்போக வேண்டும்.’ வேலை பெரும்பாலும் நிற்பது அவர் பக்கத்தில்தான். ஐட்டம் லிஸ்ட் வராது, தீபாவளி சீசன் என்பார். ஆகவே காட்டி 5 வேலை நாளில் பதில் வராவிட்டால் ஓகே ஆனதாகக் கொள்ளப்படும், லிஸ்ட் தாமதமானால் முடிக்கும் தேதியும் அத்தனை நாள் தள்ளும் என்று இரண்டு வரி சேருங்கள். புதிதாக ஏதாவது கேட்டால் அதற்குத் தனி விலை.

நேரில் பேசிவிட்டு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்: ‘அண்ணே, மொத்தம் 2,40,000. நாலு தவணை. ஒவ்வொண்ணுக்கும் என்ன காட்டுவேன்னு கீழே போட்டிருக்கேன். முதல் தவணை வந்ததும் ஆரம்பிக்கிறேன். சரின்னு ஒரு பதில் போட்டுடுங்க.’

அதற்கும் மசியவில்லையா? விலையைக் குறைக்காதீர்கள், வேலையைச் சின்னதாக்குங்கள். டிசைன் மட்டும் தனி வேலை, 48,000, பாதி முன்பணம். டிசைன் அவருக்கே சொந்தம். பிடிக்காவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்கலாம். 24,000 தரவும் யோசிப்பவரிடம் 12 வாரத்தைக் கொடுக்க நான் தயாராக இருக்க மாட்டேன்.

இன்னொன்று. டிடிஎஸ் பிடிக்க வேண்டிய அளவு பெரிய வியாபாரி என்றால் அட்வான்ஸிலேயே பிடிப்பார். 10 சதவீதம் என்றால் 72,000-க்கு 64,800தான் கணக்கில் ஏறும். குறைத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், பான் நம்பரைச் சரியாகக் கொடுத்திருந்தால் பிடித்த தொகை வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் தெரியும். செக் தந்தால், அது பாஸ் ஆகும் நாளிலிருந்துதான் 12 வாரம் என்று எழுதுங்கள்.