சேரும் தேதியை எப்படி எழுதுவது?

கேள்வி: சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கிறேன். புதிய நிறுவனத்தின் ஆஃபரை ஏற்று, ஜூலை 1 சேருகிறேன் என்று எழுதிவிடலாமா? ஆஃபரில் ஆண்டுக் கூடுதல் சம்பளம் பற்றி எதுவும் இல்லை.

பதில்: தேதியை எழுதலாம், ஆனால் நிபந்தனையோடு எழுதுங்கள். உங்கள் பாஸ் இப்போதைய முதலாளியோடு கட்டப்பட்டது. புதியவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அந்தப் பாஸ் வழங்கப்படும் முன் அங்கே வேலை தொடங்க முடியாது. அதனால் புதிய பாஸுக்கான கொள்கையளவிலான ஒப்புதல் கைக்கு வந்த பிறகே ராஜினாமா கொடுங்கள். அறிவிப்புக் காலம் ஒரு மாதம் என்றால், கொடுக்கும் நாளும் கணக்கில் சேரும்: ஜூன் 1 கொடுத்தால் ஜூன் 30 கடைசி நாள்.

கடிதத்தில் இப்படி வரலாம்: "ஆஃபரை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன். ஜூன் 1-க்குள் ஒப்புதல் கிடைத்து, பாஸும் உரிய நேரத்தில் வழங்கப்பட்டால் ஜூலை 1 சேருவேன். தாமதமானால் அதற்கேற்பத் தேதியை மாற்றிக்கொள்ள வேண்டுகிறேன். ஆண்டுக் கூடுதல் சம்பளம் உண்டா, முதல் ஆண்டில் வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பக் கணக்கிடப்படுமா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

அந்தக் கூடுதல் சம்பளம் சட்டப்படி கட்டாயமில்லை, ஒப்பந்தத்தில் இருந்தால்தான் கிடைக்கும். அப்புறம், 'இல்லை' என்ற பதில் வந்தால் வேலையே வேண்டாம் என்று நினைப்பீர்களானால், இந்தக் கேள்வியைக் கையெழுத்துப் போடும் முன் தனி மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.