அடித்தட்டுல ஓட்டை இருக்கான்னு பாருங்க

"பழைய அயர்ன் பாக்ஸ் ஒண்ணு விலைக்கு வருது, போட்டோல முன்னாடி சின்ன தண்ணி டேங்க் தெரியுது, அடித்தட்டு வழவழன்னு இருக்கு. இது ஸ்டீமா, டிரையா?"

டிரைதாங்க. டேங்கை வச்சு முடிவு பண்ணாதீங்க, ஸ்டீம்னா ஆவி துணி மேல இறங்க அடித்தட்டுல ஓட்டை இருந்தே ஆகணும், மூக்குப் பக்கம் நெருக்கமா வரிசையா தெரியும். உங்க போட்டோல அது இல்லைன்னா அந்த டேங்க் வெறும் ஸ்ப்ரேக்குத்தான், பட்டனை அமுக்கினா முன்னாடி இருக்கற குட்டி மூக்கு வழியா பச்சத்தண்ணி துணில தெளிக்கும், அவ்வளவுதான்.

ஆனா போட்டோ மங்கலா இருந்தா ஓட்டை தெரியாமப் போகலாம், சாய்ச்சுப் பிடிச்சு வெளிச்சத்துல இன்னொண்ணு எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ஓட்டை இருந்து அதைச் சுத்தி வெள்ளையா படிஞ்சிருந்தா உப்புத்தண்ணி ஊத்தி ஓட்டின ஸ்டீம் அயர்ன், நான் அப்படி ஒண்ணு வாங்கி வெள்ளைச் சட்டைல பழுப்புக் கறை விழுந்துச்சு, அதை எடுக்காதீங்க.

கரிப்பெட்டின்னா குழப்பமே வராது. அதுலயும் அடித்தட்டு வழவழன்னுதான் இருக்கும், ஆனா டேங்க், ஒயர் ரெண்டும் கிடையாது, மேல திறக்கற மூடி இருக்கும், காத்து போற ஓட்டை பக்கச் சுவர்ல இருக்கும். அடியில இருந்தா சாம்பல் துணில கொட்டிடுமே.