பாஸ்புக்கில் பென்ஷன் பூஜ்யம்: என் ஒன்பதரை வருட சர்வீஸ் எங்கே போனது?

கேள்வி: எனக்கு வயது 37. 2015-ல் 14,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்து 6 வருடம் 2 மாதம் இருந்தேன். அப்புறம் வேறொரு கம்பெனியில் 3 வருடம் 5 மாதம். பழைய பிஎஃப் கணக்கைப் புதியதற்கு மாற்றிய பிறகு பாஸ்புக்கில் பென்ஷன் இடத்தில் 0 என்று காட்டுகிறது. இப்போது அந்த வேலையையும் விட்டுவிட்டேன், 32,000 சம்பளத்தில் மூன்றாவது வேலை கிடைத்திருக்கிறது. "இதற்கு முன் பென்ஷன் பணத்தை 10சி படிவம் போட்டு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் போய்விடும்" என்கிறார் தெரிந்த அக்கவுன்டன்ட். முதல் கம்பெனியில் அம்மாவின் சிகிச்சைக்காக ஒன்றரை மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தேன். இரண்டு சர்வீஸும் சேருமா? பணத்தை எடுக்கலாமா?

பதில்: அந்த 0-வைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிஎஃப் உங்கள் பெயரில் இருக்கும் பணம். அதனால் கணக்கை மாற்றும்போது அது வட்டியோடு கூடவே வருகிறது. 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டம் அப்படியல்ல. உங்கள் முதலாளி தரும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,250 ரூபாய், எல்லோருக்கும் பொதுவான ஒரு நிதியில் போய்ச் சேர்கிறது. அதில் உங்களுக்கென்று தனிக் கணக்கும் கிடையாது, வட்டியும் கிடையாது. ஆகவே வேலை மாறும்போது இடம் மாற வேண்டியது பணமல்ல, சர்வீஸ். பழைய உறுப்பினர் எண்ணின் பாஸ்புக்கில் அந்தப் பென்ஷன் சந்தாக்கள் அப்படியேதான் இருக்கும். புதிய எண்ணுக்கு ஆண்டுகள் மட்டும் வந்து சேரும்.

அவை வந்து சேர்ந்தனவா என்பதை இரண்டு இடத்தில் பார்க்கலாம். உறுப்பினர் போர்டலில் View என்பதன் கீழ் Service History-யைத் திறந்து, இரண்டு கம்பெனிகளின் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக இருக்கின்றனவா பாருங்கள். விலகிய தேதி காலியாக இருந்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்தபின் Manage என்பதன் கீழ் Mark Exit வழியாக நீங்களே பதியலாம். இரண்டாவது, Annexure K என்ற தாள். கணக்கு மாறும்போது பழைய அலுவலகம் புதிய அலுவலகத்துக்கு அனுப்பும் விவரம் அதில் இருக்கும். உறுப்பினரே இறக்கிக்கொள்ளும் வசதி 2025-ல் வந்திருக்கிறது.

அந்தத் தாளில் NCP Days என்று ஒரு இடம் இருக்கும். உங்கள் விவகாரத்தின் உயிர் அங்கேதான். சம்பளம் இல்லாததால் சந்தா கட்டாத நாட்கள் அங்கே வரும், அவை பென்ஷன் சர்வீஸிலிருந்து கழியும்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 6 வருடம் 2 மாதமும் 3 வருடம் 5 மாதமும் சேர்ந்தால் 9 வருடம் 7 மாதம். நடுவில் வேலையில்லாமல் இருந்த நாட்கள் சேராது, அவ்வளவுதான். அந்த இடைவெளியால் முந்தைய சர்வீஸ் அழிந்துவிடாது. பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும். ஆனால் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள், குறைந்தால் விட்டுவிடுவார்கள். 9 வருடம் 7 மாதம் என்றால் 10 ஆகிவிடும். அதில் உங்கள் ஒன்றரை மாத விடுப்பைக் கழியுங்கள். 9 வருடம் ஐந்தரை மாதம். பதினைந்து நாளில் 10 நழுவி 9 ஆகிறது.

அந்த NCP எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். மாதச் சந்தா விவரம் அனுப்பும் கிளார்க் அதில் சம்பளத்தோடு தந்த விடுப்பையும் சேர்த்து எழுதிவிடுவதுண்டு. என்னிடம் வந்த ஒருவருக்கு ஒரே மாதத்தில் 31 நாள் NCP என்று இருந்தது, அதே மாதம் முழுச் சந்தாவும் கட்டியிருந்தார்கள்! உங்கள் சம்பளச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் அந்த முதலாளியிடம் திருத்தக் கடிதம் வாங்கிப் பிஎஃப் அலுவலகத்தில் கொடுங்கள். அவர் இழுத்தடித்தால் EPFiGMS தளத்தில் சம்பளச் சீட்டு நகலோடு புகார் பதியுங்கள்.

இனி 10சி. பத்து வருடம் ஆகாதவர் மட்டுமே இந்தப் பணத்தை மொத்தமாக எடுக்க முடியும். புதிய வேலையில் சில வாரங்களிலேயே நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். அதன்பின் மாதப் பென்ஷன் மட்டும்தான், மொத்தத் தொகை கிடையாது. அக்கவுன்டன்ட் "போய்விடும்" என்றது இதை மனதில் வைத்தாக இருக்கலாம். ஆனால் போவது எடுக்கும் வாய்ப்பே தவிர உரிமை அல்ல.

எடுத்தால் உங்களுக்குச் சுமார் 1.4 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் வரலாம். எடுக்காமல் 10 வருட சர்வீஸோடு நின்றுவிட்டால், 58 வயதில் 15,000-ஐ 10-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்த தொகை, அதாவது மாதம் 2,143 ரூபாய். ஒளிக்காமல் சொல்கிறேன், இருபத்தொரு வருடம் காத்திருந்து வாங்க இது பெரிய தொகை அல்ல. இனி வேலைக்கே போகப்போவதில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் நானும் யோசித்திருப்பேன்.

ஆனால் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு, 15,000-க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேருபவருக்கு ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை. நீங்கள் 14,000-த்தில் நுழைந்ததால் உள்ளே இருக்கிறீர்கள், சம்பளம் உயர்ந்தாலும் அந்த இடம் தொடரும். பணத்தை எடுத்தால் அந்தப் பழைய உறுப்பினர் நிலை முடிந்துவிடும். 32,000 சம்பளத்தில் புதியவராக நிற்பீர்கள், கதவு மூடியிருக்கும். அப்போது முதலாளியின் 12 சதவீதம் முழுவதும் பிஎஃப்பில் சேரும் என்பது உண்மைதான், சிலர் அதையே லாபம் என்பார்கள். மறுபக்கம், 58 வரை சந்தாவோடு வேலை செய்தால் சர்வீஸ் 30 வருடத்தைத் தொடும். இருபதைத் தாண்டியவருக்குக் கூடுதலாக 2 வருடம் சேர்ப்பார்கள். இன்றைய 15,000 உச்சவரம்பே நீடித்தாலும் 32 வருடத்துக்கு மாதம் 6,857 ரூபாய். உங்களுக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 10சி போடமாட்டேன். இன்னொன்று: வேலையை விட்டபின் பென்ஷன் பணம் எடுக்கக் காத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 36 மாதமாக்க 2025 அக்டோபரில் பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்திருக்கிறது. அக்கவுன்டன்ட் சொல்லும் அவசர வழி அவ்வளவு சுலபமாகவும் இருக்காது.

புதிய கம்பெனியில் சேரும் அன்று படிவம் 11 தருவார்கள். முன்பு ஓய்வூதியத் திட்ட உறுப்பினராக இருந்தீர்களா என்று அதில் கேட்டிருக்கும். "ஆம்" என்று குறித்து, பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள். சம்பளம் 15,000-க்கு மேல் என்பதை மட்டும் பார்த்து எச்ஆர் "இல்லை" என்று போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படி நடந்தால் ஒரு நாள் சர்வீஸும் கூடாது, 9 வருடம் ஐந்தரை மாதத்திலேயே நின்றுவிடுவீர்கள். முதல் சம்பளத்துக்கு அடுத்த மாதம் பாஸ்புக்கைத் திறந்து, பென்ஷன் இடத்தில் 1,250 வந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் சேர்ந்த மாதம் என்றால் தொகை குறைவாக இருக்கலாம். முழு மாதத்துக்கும் 0 என்றால் அன்றைக்கே எச்ஆருக்கு எழுத்தில் சொல்லுங்கள், அடுத்த மாதச் சந்தா போவதற்குள் திருத்துவது எளிது.