கார் கடனுக்கு முன்பணம் எவ்வளவு கட்டுவது?

கேள்வி: மதுரையில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு மாதம் 70,000 ரூபாய் வருகிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், சீட்டு, வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து 45,000 ஆகிவிடும். சேமிப்பு 5.5 லட்சம் இருக்கிறது. ஷோரூம் விலை 8.5 லட்சம் உள்ள ஒரு காரைப் பார்த்து வைத்திருக்கிறோம். "ஒரு லட்சம் கட்டுங்க சார், மீதியை லோன்ல போட்டுக்கலாம்" என்கிறார் ஷோரூம்காரர். "இருக்கிறதை எல்லாம் கட்டி கடனைக் குறைச்சுக்கோ" என்கிறார் மாமா. தவணை கழுத்தை நெரிக்காமல் இருக்க எவ்வளவு முன்பணம் கட்டலாம்?

பதில்: இன்றைக்கு என்றால் 3.5 லட்சம் வரை கட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். நாலு மாதம் பொறுக்க முடிந்தால் 4.3 லட்சம் கட்டலாம். நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

முன்பணத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு என்ன தவணை வருகிறது என்று பார்ப்பதுதான் பலரும் செய்வது. கணக்கை மறுபக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். மாதம் எவ்வளவு தாங்கும், அந்தத் தவணைக்கு எவ்வளவு கடன் வரும், காரின் முழு விலையில் அந்தக் கடன் போக மீதி என்ன என்று வரிசையாகப் போனால், கடைசியில் நிற்பதுதான் உங்கள் முன்பணம். அது சேமிப்புக்குள் அடங்குகிறதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

முழு விலை என்றால் ஆன்-ரோடு விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய ஆயுட்கால வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம் வரி. உங்கள் காருக்கு அது 1,10,500 ரூபாய். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதால் முதல் காப்பீட்டுத் தொகை சற்றுப் பெரிதாக இருக்கும்; 42,000 என்று வைத்துக்கொள்வோம். பதிவு, ஃபாஸ்டேக் போன்றவற்றுக்கு 7,500. ஆக மொத்தம் 10.10 லட்சம். (மேல்மாடலுக்கு ஆசைப்பட்டு ஷோரூம் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் வரி 18 சதவீதமாகிவிடும். விலைப்பட்டியலில் சின்னதாகத் தெரியும் வித்தியாசம், ஆன்-ரோடில் பெரிதாகிவிடும்.)

இங்கேதான் "ஒரு லட்சம் போதும்" என்ற பேச்சைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். சில வங்கிகள் ஆன்-ரோடு விலையில் 90 சதவீதம் வரை தருகின்றன. சில, ஷோரூம் விலையை மட்டுமே அடிப்படையாக எடுத்துக்கொள்கின்றன. ஷோரூம் விலையில் 85 சதவீதம் தரும் வங்கி என்றால் உங்களுக்குக் கிடைப்பது 7,22,500 ரூபாய்தான். கையிலிருந்து 2,87,500 போட வேண்டும். ஆக, "15 சதவீதம் மார்ஜின்" என்று யாராவது சொன்னால், எந்த விலையில் 15 சதவீதம் என்று கேளுங்கள். புக்கிங்கில் கட்டிய தொகையும், பழைய வண்டி இருந்தால் அதன் எக்ஸ்சேஞ்ச் விலையும் முன்பணத்தில் கழிகிறதா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மாதக் கணக்கு. செலவு போக உங்களிடம் நிற்பது 25,000. இதை அப்படியே தவணைக்குத் தர முடியாது, ஏனென்றால் கார் வந்ததும் புதுச் செலவும் கூடவே வரும். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்கு 16 கிடைத்தால் 50 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 5,000. அடுத்த ஆண்டு காப்பீட்டுப் புதுப்பிப்பு, சர்வீஸ், பின்னால் வரும் டயர் செலவு இவற்றுக்கு ஆண்டுக்கு 30,000 ஒதுக்கினால் மாதம் 2,500. இந்த 7,500 போக 17,500 நிற்கும். அதிலும் 5,000 ரூபாயைத் தொடாமல் விடுங்கள். கல்யாணம், காய்ச்சல், ஊருக்குப் போய்வருவது எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். தவணைக்கு மிஞ்சுவது 12,500. சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று சொல்லப்படும் பொது விதிகளைவிட இந்த எண் நம்பகமானது, ஏனென்றால் இது உங்கள் வீட்டுச் செலவிலிருந்து வந்தது.

வட்டி 9.5 சதவீதம் என்று கொண்டால், ஒரு லட்சம் கடனுக்கு ஐந்தாண்டில் மாதம் 2,100 ரூபாய், ஆறாண்டில் 1,827, ஏழாண்டில் 1,634. வேறு வட்டிக்கு நீங்களே பார்க்க எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் இதைத் தட்டுங்கள். வட்டி, மாதங்கள், கடன் தொகை மூன்றையும் மாற்றிக்கொள்ளலாம்:

```
=PMT(9.5/12/100, 60, -660000)
```

ஐந்தாண்டில் 12,500 தவணைக்குக் கிடைக்கும் கடன் சுமார் 5.95 லட்சம். அப்படியானால் முன்பணம் 4.15 லட்சம். உங்களிடம் 5.5 லட்சம் இருப்பதால் சரியாகப் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் கட்டிய பிறகு கையில் நிற்பது 1.35 லட்சம். கார் வந்த பிறகு உங்கள் மாதச் செலவு 45,000, 12,500, 7,500 மூன்றும் சேர்ந்து 65,000. மூன்று மாதச் செலவாவது கையில் இருக்க வேண்டும் என்றால் சுமார் 2 லட்சம் வேண்டும். மாமா சொல்வதில் இருக்கும் ஆபத்து இதுதான். கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு லட்சமும் ஐந்தாண்டில் 26,000 ரூபாய் வட்டியை மிச்சப்படுத்துகிறது, உண்மை. ஆனால் காருக்குள் போன பணத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆறாவது மாதம் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், கார் கடனைவிட அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் நகை அடகுக்குப் போகும். மிச்சப்படுத்திய வட்டி அங்கே போய்விடும்.

எனவே இன்றைய நிலையில் உச்சவரம்பு 3.5 லட்சம். அப்போது கடன் 6.6 லட்சம், ஐந்தாண்டுத் தவணை 13,861. உங்கள் வரம்பைவிட 1,361 ரூபாய் அதிகம். இதை இரண்டு விதமாகச் சரிக்கட்டலாம். ஆறாண்டாக நீட்டினால் தவணை 12,061 ஆகும், மொத்த வட்டி சுமார் 36,700 ரூபாய் கூடும். அல்லது ஷோரூம் விலையில் 80,000 குறைவான மாடலை எடுத்தால் வரியும் குறைந்து, கடன் 5.7 லட்சத்தில் நின்று, தவணை 12,000க்குள் வரும். கார் உடனே தேவை என்றால் கீழ்மாடலைத்தான் நான் சொல்வேன்.

அவசரம் இல்லையென்றால் நாலு மாத ஒத்திகை பாருங்கள். சம்பளம் வந்த மறுநாளே தவணைக்கு 12,500, கார் செலவுக்கு 7,500 என்று 20,000 ரூபாயைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதைத் தொடாமல் நாலு மாதம் ஓட்டினால் 80,000 சேரும். முன்பணம் 4.3 லட்சம், கடன் 5.8 லட்சம், தவணை 12,181, கையில் 2 லட்சம் அப்படியே. இடையில் கார் விலை 2 சதவீதம் ஏறினாலும் வரியோடு சேர்த்து 19,000 ரூபாய்தான் கூடும். அதைவிட முக்கியம், உங்கள் கணக்கு சரியா என்பது இந்த நாலு மாதத்தில் தெரிந்துவிடும். மூன்றாவது மாதமே அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டி வந்து, மாதம் 16,000தான் நிற்கிறது என்றால், உண்மையான தவணை வரம்பு 8,500. அதற்கு வரும் கடன் 4 லட்சம்தான். அப்போது மாற்ற வேண்டியது முன்பணத்தை அல்ல, காரை.

ஷோரூம்காரர் சொல்லும் வழியில் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு லட்சம் கட்டி 9.1 லட்சம் கடன் வாங்கினால் ஐந்தாண்டுத் தவணை 19,112 வரும். அதனால் ஏழாண்டுக்கு இழுத்து 14,873 என்று காட்டுவார்கள். மொத்த வட்டி 3.39 லட்சம். இதில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு ஓட்டை இருக்கிறது. ஓராண்டு கழித்துக் கடன் பாக்கி 8.14 லட்சம் நிற்கும். காப்பீட்டில் காரின் மதிப்பாக எழுதப்படும் ஐடிவி, ஓராண்டைத் தாண்டிய காருக்கு விலையில் 20 சதவீதம் கழித்துக் கணக்கிடப்படுவது. உங்கள் காருக்கு அது 6.8 லட்சம். கார் திருட்டுப் போனாலோ விபத்தில் முழுக்க நொறுங்கினாலோ காப்பீட்டுப் பணம் நேராகக் கடனுக்குப் போகும். அதற்குப் பிறகும் 1.34 லட்சம் பாக்கியை, இல்லாத காருக்காக நீங்கள் கட்ட வேண்டும். 3.5 லட்சம் முன்பணம் போட்டு ஐந்தாண்டுக் கடன் எடுத்திருந்தால் அதே நாளில் பாக்கி 5.52 லட்சம், காரின் மதிப்புக்குக் கீழேதான். எந்த முன்பணத்தையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்: ஓராண்டு முடிவில் பாக்கி ஐடிவியைத் தாண்டினால் முன்பணம் குறைவு. எப்படியும் குறைவாகத்தான் கட்ட முடியும் என்றால், ஐடிவிக்குப் பதிலாகக் காரை வாங்கிய விலையையே தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் காப்பீட்டையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் இரண்டு விஷயம். வட்டி "5.5 சதவீதம்தான்" என்று யாராவது சொன்னால் அது தொடக்கக் கடன் முழுவதற்கும் கடைசிவரை போடும் பிளாட் வட்டியா என்று கேளுங்கள். 6.6 லட்சத்துக்கு ஐந்தாண்டு 5.5 சதவீதம் பிளாட் என்றால் தவணை 14,025 வரும். அது பாக்கி குறையக் குறையக் கணக்கிடும் 10 சதவீத வட்டிக்குச் சமம். வங்கி தர வேண்டிய முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்கும். கடன் தொகைக்குள் ஆக்சசரீஸ், நீட்டிப்பு வாரண்டி, கடன் காப்பீடு என்று எதையாவது சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இப்படி 40,000 சேர்ந்தால் மாதம் 840 ரூபாய் கூடும்.

இன்னொன்று, இடையில் பகுதிக் கடனை அடைக்கும் வசதி. மாறும் வட்டியில் தனிநபருக்குத் தரும் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் கார் கடனில் நிலையான வட்டியும் நிறைய உண்டு. அதற்குக் கட்டணம் இருக்கலாம், முதல் சில மாதங்கள் அடைக்கவே முடியாது என்றும் இருக்கலாம். கட்டணமில்லாமல் அடைக்க முடியும் என்றால், தீபாவளி போனஸையோ முதிர்ந்த சீட்டுப் பணத்தையோ பிறகு கட்டிக்கொள்ளலாம். இன்றைக்கு முன்பணத்தில் 50,000 குறைத்து அதைக் கையில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. தவணை அப்போதும் 12,500ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.